உங்கள் கூர்மையான மணித்தியாலம் எது? ஒரு கொப்பியும் பத்து நாளும் கொண்டு கண்டுபிடிக்கும் வழி

கொக்குவிலில் இருக்கும் என் மச்சாள் வீட்டிலிருந்தபடியே பதினொரு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். போன வருடம் ஒரு பின்னேரம், ஒரு ஹார்ட்வெயார் கடையின் காசேட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் 270 ரூபா இடித்தது. இரண்டரை மணிக்குத் தேடத் தொடங்கியவர் நாலரை வரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு அதே தாளை விரித்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 4,850 என்று எழுத வேண்டிய இடத்தில் 4,580 என்று எழுதியிருந்தது தெரிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது உயர்தரத்தில் கணக்கீடு படித்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 270 ஐ ஒன்பதால் வகுத்தால் 30. மச்சாளுக்கும் அது தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறார். ஆனால் அந்தப் பின்னேரம் அது அவருக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

நேரம் போதவில்லை என்று நாம் சொல்லும் பல இடங்களில் நடப்பது இதுதான். இரண்டு மணித்தியாலம் இருந்தது, ஆனால் அது மழுங்கின இரண்டு மணித்தியாலம். அதனால் அட்டவணையை இன்னும் இறுக்கிப் பயனில்லை. எந்த நேரம் கூர்மை, எந்த நேரம் மழுக்கம் என்று முதலில் அளந்து பார்த்து, கடினமான ஒரே ஒரு வேலையைக் கூர்மையான நேரத்துக்கு நகர்த்த வேண்டும். மச்சாளோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்த ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறேன். கணக்கு வேலை உங்களுடையதாக இல்லாவிட்டாலும் அளக்கும் முறை ஒன்றுதான்.

ஏன் நாளுக்குள்ளேயே மூளை ஏறி இறங்குகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1982 இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற சுவிஸ் ஆய்வாளர் முன்வைத்த விளக்கத்தை இன்றும் இத்துறையில் அடித்தளமாக எடுக்கிறார்கள். உடலுக்குள் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று தூக்கப் பாரம்: விழித்த நிமிடத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் மட்டும் இறங்கும். மற்றது உடலின் உள் மணிக்கூடு: நீங்கள் தூங்கினீர்களோ இல்லையோ, அது தன்பாட்டில் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். விடியற்காலையில், வழக்கமாக எழும்பும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம் முன்பு, அது ஆக அடியில் நிற்கும். மாலையில் உச்சிக்கு வரும்.

இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த நேரத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன. பலருக்கு மதியம் ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு பள்ளம் விழும். சோறு சாப்பிடாதவருக்கும் விழும். வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு இன்னும் ஆழமாக விழும். படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு, பாரம் நிறைய ஏறியிருந்தாலும், உள் மணிக்கூடு தள்ளிப் பிடிப்பதால் திடீரென்று உற்சாகம் வரும். இந்த இரவு உற்சாகத்தை நினைவில் வைத்திருங்கள். மச்சாளை ஏமாற்றியது அதுதான்.

முதல் வாரம்: அளக்காதீர்கள், தூங்குங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இது. கொப்பியை உடனே எடுத்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். தூக்கக் கடனோடு அளந்தால் உங்கள் இயல்பான ஏற்ற இறக்கம் தெரியாது, கடன்தான் தெரியும்.

மச்சாளின் நாள் இப்படி இருந்தது. காலை ஐந்துக்கு எழும்பி இடியப்பமோ புட்டோ அவித்து, ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு, ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை கணக்கு. தூங்கும்போது பன்னிரண்டு ஆகக் கால் மணி இருக்கும். ஐந்தே கால் மணித்தியாலத் தூக்கம்.

"எனக்கு அது பழகிட்டுது அத்தான்," என்றார். பழகிவிட்டது என்ற உணர்வுதான் இங்கே ஆபத்து. 2003 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. இரவுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் படுக்கையில் இருந்தவர்களை இரண்டு வாரம் தொடர்ந்து சோதித்தார்கள். அவர்களின் கவனமும் வேகமும் நாளுக்கு நாள் கீழே போய், கடைசியில் ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவரின் நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் அவர்களிடம் கேட்டால், கொஞ்சம் நித்திரை தூக்குகிறது, அவ்வளவுதான் என்றார்கள். மழுங்கியது தெரியாத அளவுக்கு மழுங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் ஏழு நாள் ஒரே ஒரு வேலை. எழும்பும் நேரத்தை மாற்ற வேண்டாம், படுக்கும் நேரத்தை முன்னுக்கு இழுங்கள். மச்சாள் பத்தேகாலுக்கு விளக்கை அணைத்தார். மத்தியானம் இருபது நிமிடம் சரிந்தார். எல்லாம் சேர்த்து ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்தது. அந்த வாரம் இரவு வேலை நின்றதால் இரண்டு கடைகளின் கணக்கு பின்தங்கியது உண்மை. அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில், இரவு நேர வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் படி சரிவராது. அவர்களுக்கு இந்த வழிகாட்டியும் முழுமையாகப் பொருந்தாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பத்து நாள்: கொப்பி

ஒரு ஒற்றை ரூல் கொப்பி போதும். போனில் எழுதப் போனால் வாட்ஸ்அப் கண்ணில் படும், எழுத வந்தது மறந்துபோகும்.

ஒரு நாளைக்கு ஐந்து நேரம். மச்சாள் எடுத்தது காலை ஒன்பது, பதினொன்று, பகல் இரண்டரை, பின்னேரம் ஐந்து, இரவு ஒன்பதரை. பத்தேகாலுக்குப் படுப்பவர் ஒன்பதரைக்கு எழுதுவதில் சிக்கல் இல்லை. எழும்பி முதல் ஒரு மணித்தியாலத்தில் எழுத வேண்டாம். தூக்கத்தின் மிச்ச மந்தம் அரை மணித்தியாலம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். அதை உங்கள் காலை நேரத்தின் குணம் என்று தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு முறையும் இரண்டு விடயம் எழுத வேண்டும்.

முதலாவது, எவ்வளவு விழிப்பு. இதற்குத் தூக்க ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒன்பது படி அளவுகோல் இருக்கிறது, கரோலின்ஸ்கா அளவுகோல் என்பார்கள். 1 என்றால் மிக விழிப்பு. 3 என்றால் நல்ல விழிப்பு. 5 என்றால் விழிப்பும் இல்லை, நித்திரையும் இல்லை. 7 என்றால் நித்திரை வருகிறது, ஆனால் முழித்திருக்கப் பாடுபட வேண்டியதில்லை. 9 என்றால் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே போராட்டம். எழுதும்போது முந்தின நேரத்து இலக்கத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, பிழை. முதலாவதைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் உணர்வு பொய் சொல்லும் என்று மேலே பார்த்தோம். உங்கள் வேலையில் எண்ணக்கூடிய ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நேரத்திலும் அதே அளவு, அதே கடினம் இருக்க வேண்டும். மச்சாள் எடுத்தது வங்கிக் கூற்றில் முப்பது வரியைக் காசேட்டோடு ஒத்துப் பார்த்துக் குறியிடுவது. பதினொரு கடை இருந்ததால் வரிகளுக்குப் பஞ்சமில்லை. மொழிபெயர்ப்பவர் ஒரு பந்தி எடுக்கலாம், உயர்தரப் பிள்ளை கடந்தகால வினாத்தாளில் ஐந்து பல்தேர்வு வினா எடுக்கலாம். எவ்வளவு நிமிடம் பிடித்தது, எத்தனை பிழை என்று எழுத வேண்டும்.

பிழையை அந்தந்த நேரத்திலேயே தேடக் கூடாது. மழுங்கின நேரத்தில் செய்த பிழை மழுங்கின நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து துண்டையும் மறுநாள் காலை ஒன்றாகத் திருத்துங்கள். அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே கண்.

பக்க ஓரத்தில் சின்னக் குறிப்புகளும் வேண்டும்: எத்தனை மணிக்குத் தேத்தண்ணீர், எத்தனை மணிக்குச் சாப்பாடு, மின்சாரம் நின்றதா, வெக்கை எப்படி. ஒரு நாளின் ஒரு வரி இப்படி இருந்தது: "2.30, விழிப்பு 7, 21 நிமிடம், பிழை 3, மீன்கறிச் சோறு, காற்றே இல்லை."

கொப்பியை வாசிப்பது

பத்து நாள் முடிந்ததும் ஒவ்வொரு நேரத்துக்கும் பத்து இலக்கம் கையில் இருக்கும். சராசரி எடுக்காதீர்கள். காய்ச்சல் வந்த ஒரு நாளோ, செத்தவீட்டுக்குப் போய்வந்த ஒரு நாளோ சராசரியை இழுத்துவிடும். இலக்கங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் வருவதைப் பாருங்கள்.

மச்சாளுக்கு வந்தது இது. காலை ஒன்பதுக்கு விழிப்பு 3, முப்பது வரிக்கு 13 நிமிடம், பத்து நாளில் மொத்தம் 4 பிழை. பதினொன்றுக்கு விழிப்பு 3, 14 நிமிடம், 6 பிழை. இரண்டரைக்கு விழிப்பு 7, 20 நிமிடம், 23 பிழை. ஐந்து மணிக்கு விழிப்பு 4, 15 நிமிடம், 9 பிழை. இரவு ஒன்பதரைக்கு விழிப்பு 4, 14 நிமிடம், 19 பிழை.

கடைசி வரியை மறுபடி பாருங்கள். இரவில் அவருக்குத் தான் நன்றாகவே இருப்பதாகத் தோன்றியது. வேகமும் காலைக்குக் கிட்டத்தட்ட சமம். பிழை மட்டும் நாலு மடங்குக்கு மேல். இத்தனை வருடமாக "எனக்கு இரவிலதான் வேலை ஓடும்" என்று சொல்லிவந்தவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதில் முழுப் பொய்யும் இல்லை. இரவில் பிள்ளைகள் சத்தமில்லை, போன் அடிக்காது, கடைக்காரர் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் கூர்மை என்று நினைத்தது உண்மையில் அமைதி. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விட்டு, காலை ஒன்பதுக்கு இரவைப்போலவே கதவைச் சாத்திக்கொண்டு அதே முப்பது வரியைச் செய்யச் சொன்னேன். 10 நிமிடம், பிழை இல்லை. இரவுக்கு அவர் போனது அமைதிக்காக என்றால், அந்த அமைதியைக் காலைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

எல்லாருக்கும் காலைதான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். "விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பிப் படிச்சால்தான் மண்டையில ஏறும்" என்பது எங்கள் ஊரில் கேள்வி கேட்காமல் கைமாறி வருகிற ஒரு நம்பிக்கை. பதின்ம வயதில் உள் மணிக்கூடு பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இருபது வயதை ஒட்டித்தான் அது ஆகப் பிந்தி நிற்கும், பிறகு வயதோடு மெல்ல முன்னுக்கு வரும். நாலு மணிக்கு எழும்பும் அறுபது வயதுத் தாத்தாவுக்கு அது இயல்பு. பதினேழு வயதுப் பேரனுக்கு அது உள் மணிக்கூட்டின் அடிமட்டம். மச்சாளின் மூத்தவனும் ஒரு வாரம் கொப்பி எழுதினான். அவனுக்கு ஆக நல்ல நேரம் பின்னேரம் ஐந்திலிருந்து ஏழு வரை. அந்த நேரத்தில் அவன் ரியூசன் வாங்கில் இருக்கிறான் என்பது வேறு பிரச்சினை, அதற்கு என்னிடம் வழி இல்லை.

இலக்கங்கள் எல்லா நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். எடுத்த துண்டு மிக எளிதாக இருந்திருக்கும். கடினமானதாக மாற்றி மறுபடி பாருங்கள். அல்லது ஏழு மணித்தியாலம் தூங்கியும் நாள் முழுக்க 6, 7 என்றே இருந்தால், இரத்தச்சோகை, தைரொயிட், குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவது போன்றவற்றை வைத்தியரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். கொப்பியையும் கொண்டு போங்கள். சும்மா களைப்பாக இருக்கிறது என்று சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.

வேலைகளைப் பிரிப்பது

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, முக்கியமான வேலை, முக்கியமில்லாத வேலை என்று பிரிப்பது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மழுங்கின நேரத்தில் செய்தால் எது கெடும்?

மச்சாளின் வேலையில் வங்கிக் கூற்றைக் காசேட்டோடு ஒத்துப் பார்க்கும் கணக்கிணக்கம் கட்டாயம் கெடும். வரி விபரத்திரட்டு நிரப்புவதும் கெடும். பில்களைத் திகதிவாரியாக அடுக்கிக் கோவையில் போடுவது கெடாது. வங்கிக்குப் போய்வருவது கெடாது. கடைக்காரருக்குப் போன் எடுத்து விடுபட்ட பற்றுச்சீட்டுகளைக் கேட்பதும் கெடாது. ஆளோடு கதைக்கும்போது நித்திரை கொஞ்சம் ஓடும்.

ஒரு வேலையில் மட்டும் நாங்கள் ஏமாந்தோம். பில்லைப் பார்த்துத் தொகையைக் கணினியில் ஏற்றுவதை இருவருமே இலேசான வேலை என்று நினைத்து மத்தியானத்துக்குத் தள்ளினோம். இரண்டு நாளில் இலக்கம் மாறி விழத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. அலுப்பான வேலை வேறு, இலேசான வேலை வேறு. ஒரே மாதிரி நீண்டுகொண்டு போகிற, கண்ணை எடுக்கக் கூடாத வேலையைத்தான் நித்திரைத் தூக்கம் முதலில் கெடுக்கும்; சிக்கலான வேலையில் இருக்கும் சுவாரசியமாவது கொஞ்சம் எழுப்பி வைக்கும். ஆகவே பில் ஏற்றுவதை ஐந்து மணிக்கு மாற்றினோம். பகல் பள்ளத்துக்கு மிச்சமாக விட்டது கையும் காலும் வாயும் அசைகிற வேலைகள்.

இன்னொரு வகையும் உண்டு. விளம்பரத்துக்கு ஒரு வாசகம், பிள்ளையின் நாடகத்துக்கு ஒரு முடிவு என்று திடீரெனப் பொறி தட்ட வேண்டிய வேலைகள். மாணவர்களை வைத்து 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட புதிர்களைத் தங்களுக்குக் கூர்மையில்லாத நேரத்தில்தான் அவர்கள் கூடுதலாக அவிழ்த்தார்கள். கவனம் தளரும்போது மனம் அங்கே இங்கே அலைவது அப்படிப்பட்ட வேலைக்கு உதவும் என்பது விளக்கம். அது ஓர் ஆய்வுதான், அதைப் பெரிய விதியாக்க மாட்டேன். ஆனால் பள்ளமான நேரத்தில் ஒரு புதிர் மட்டும் முன்னால் இருந்தால், அதைத் தள்ளிப்போடாமல் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரே ஒரு வேலையை நகர்த்துவது

முழு நாளையும் ஒரே நாளில் மாற்றினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். ஆகக் கெடும் வேலை ஒன்று, ஆகக் கூர்மையான நேரம் ஒன்று. மச்சாளுக்கு அது ஒன்பதேகாலிலிருந்து பத்தே முக்கால் வரை, கணக்கிணக்கம் மட்டும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே நீட்டிப் பார்த்தபோது பிழை கூடியது, அதனால் அங்கே வெட்டினோம். மனித மூளை சரியாக 90 நிமிடச் சுற்றில் ஓடுகிறது என்று சொல்லப்படுவதை நம்பி அல்ல. பகல் வேலைக்கு அப்படி ஒரு கறாரான சுற்று இருப்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. உங்களுக்கு அது ஐம்பது நிமிடமாகவோ இரண்டு மணித்தியாலமாகவோ இருக்கலாம். பிழை எங்கே கூடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இந்த நேரத்தைக் காப்பாற்றுவதுதான் உண்மையான பாடு. யாழ்ப்பாணத்து வீட்டில் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் வாசலுக்கு வராதது எது? மீன்காரர் ஹோர்ன் அடிப்பார், மரக்கறிக்காரர் கூப்பிடுவார், பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலைக்கு வருவார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்தான். ஆனால் திரும்பி வந்து உட்காரும்போது மனத்தின் ஒரு பகுதி இன்னும் விளைமீனின் விலையில் நிற்கும். பாதியில் விட்ட வேலை மனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுப்பதை சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் "கவன எச்சம்" என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். முப்பது வரியில் பதினேழாவதில் எழும்பிப் போனால், திரும்பி வந்து பதினாறிலா பதினெட்டிலா என்று தேடுவது அந்த எச்சம்தான்.

மச்சாள் செய்தவை இவை. மீன் வாங்கும் பொறுப்பு மாமியிடம் போனது. "நல்ல மீனெண்டால் நான் பாத்து எடுக்கிறன் பிள்ளை, நீர் உம்மட வேலையப் பாரும்," என்று மாமி சொல்லிவிட்டார். கடைக்காரர் பதினொரு பேருக்கும் ஒரே செய்தி போனது: "காலமை பத்தே முக்காலுக்குப் பிறகு எடுங்கோ அண்ணை, அதுக்கு முதல் போன் மற்ற அறையில இருக்கும்." ஒருவர்தான் முறைப்பட்டார். மதியச் சமையல் பதினொன்றுக்குப் பிறகு என்றானது, தேங்காய் முதல் நாளே துருவி வைத்தாயிற்று.

இன்னொரு சின்ன ஏற்பாடுதான் எதிர்பார்த்ததைவிட உதவியது. முதல் நாள் பின்னேரமே அடுத்த நாளின் கூற்றை அச்சடித்து, காசேட்டின் அந்த மாதப் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனையையும் வைத்துவிட்டுப் போவது. இல்லாவிட்டால் கூர்மையான முதல் இருபது நிமிடம் கோவை தேடுவதிலேயே கழிந்துவிடும்.

நேரம் உங்கள் கையில் இல்லாத வேலையிலும் ஓரளவு செய்யலாம். வங்கிக் கவுண்டரில் இருப்பவர் வரிசையை மாற்ற முடியாது. ஆனால் வரிசை குறையும் நேரத்தில் எதைக் கையில் எடுக்கிறார் என்பது அவர் பாடு. நாற்பது நிமிடம் கிடைத்தாலும் அதை மின்னஞ்சலுக்குக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

பள்ளத்தை ஆழமாக்காமல் இருப்பது

பகல் பள்ளத்தை இல்லாமலாக்க முடியாது. ஆழத்தைக் குறைக்கலாம்.

நித்திரை என்றால் பத்திலிருந்து இருபது நிமிடம். அலாரம் வைத்தே ஆக வேண்டும். அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய், எழும்பும்போது முன்னைவிட மந்தமாக இருக்கும். மச்சாள் பாயைத் தவிர்த்துச் சாய்மனைக் கதிரையில் சரிகிறார்; பாயில் படுத்தால் நாலு மணி என்கிறார். மூன்று மணிக்குப் பிறகு சரிந்தால் இரவு நித்திரை பின்னுக்குப் போகும்.

தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் பாரத்தை இறக்குவதில்லை, பாரம் தெரியாமல் மறைக்கும். உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். பின்னேரம் ஐந்துக்குக் குடித்த கடும் சாயத் தேத்தண்ணீரின் பாதி இரவு பத்துக்கும் உள்ளே நிற்கும். பத்தேகாலுக்குப் படுப்பவருக்குக் கடைசித் தேத்தண்ணீர் இரண்டு மணி. ஐந்து மணிக்கு வாய் கேட்டால் கொத்தமல்லித் தண்ணீர்.

எங்கள் ஊருக்கே உரிய விடயம் வெக்கை. 2016 இல் பொஸ்ரனில் வெக்கை அடித்த நாட்களில், குளிரூட்டி இல்லாத விடுதியில் தங்கிய மாணவர்கள் மனச் சோதனைகளில் சுமார் 13 சதவீதம் தாமதமாகப் பதில் கொடுத்தார்கள். அவர்கள் இளவயதினர், ஆரோக்கியமானவர்கள். சித்திரை, வைகாசியில் சீற் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவரை யோசித்துப் பாருங்கள். மச்சாளின் மேசை மேற்குப் பக்க அறையில் இருந்தது. பின்னேர வெயில் சுவரைச் சுட்டு, இரவு வரை அந்த அறை ஆறாது. அவருடைய இரவுப் பிழைகளில் ஒரு பங்கு அந்தச் சுவருடையது என்று நினைக்கிறேன். மேசையை முன் விறாந்தைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். சோளகக் காற்று வீசத் தொடங்கிய பிறகு அங்கே மின்விசிறியும் தேவைப்படவில்லை.

ஒரு மாதம் கழித்து

நாலு வாரம் முடிந்ததும் மூன்று நாளுக்கு மட்டும் மறுபடி கொப்பி. பதினொரு கடையின் கணக்கிணக்கத்துக்கு முன்பு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ முப்பது மணித்தியாலம் பிடித்தது. இப்போது பத்தொன்பதுக்குக் கிட்ட. மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி இரவில் இருந்து போனது, அதாவது நித்திரைக்குப் போனது. புதிதாக இரண்டு கடையை எடுக்கலாமா என்று யோசித்தார், நான் இப்போது வேண்டாம் என்றேன்.

கொப்பியை வருடத்தில் இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் காலை நேரம் தலைகீழாகும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சாள் விடியப் பூசைக்குப் போய் வருவார், அப்போது ஒன்பதேகால் என்பது பத்தரையாகிறது. மாரியில் வெளிச்சம் குறைந்து, எழும்பவே மனம் வராது. எழும்பியதும் முற்றத்தில் இறங்கி வெளிச்சம் படும்படி பத்து இருபது நிமிடம் கூட்டினால் உள் மணிக்கூடு சரியாக நிற்க உதவும்.

ஒரு இடத்தில் இது இன்னும் தோற்கிறது. வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. கடைக்காரர் பாதிப் பேர் 20 ஆம் திகதிக்குப் பிறகுதான் பையில் பில்லை அள்ளிக்கொண்டு வருவார்கள், அதுவும் அடைமழைக்குள் நனைந்த பில். அந்தப் பத்து நாளும் மச்சாள் இரவு பன்னிரண்டு வரை இருக்கத்தான் செய்கிறார். ஆனால் போன நவம்பரில் ஒரு மாற்றம். இரவில் தொகைகளைக் கூட்டி எழுதியவர், எதையும் அனுப்பவில்லை. ஒவ்வொரு கோவையிலும் பென்சிலால் "காலமை பார்க்க" என்று எழுதி, மேசையின் இடது பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் ஒன்பதேகாலுக்கு அந்த அடுக்கைத் திறந்தார். முதல் கோவையிலேயே 5,310 என்பது 3,510 ஆக இருந்தது. வித்தியாசம் 1,800. இந்த முறை ஒன்பதால் வகுத்துப் பார்க்க அவருக்கு ஞாபகம் வந்தது.